சைட்டில் பட்ஜெட்டையும் உண்மைச் செலவையும் ஒப்பிடும் வேரியன்ஸ் அட்டவணை: கம்பிக் கணக்கை வைத்து ஒரு முழு வழிகாட்டி

மாதக் கடைசியில் "பட்ஜெட் எவ்வளவு, செலவு எவ்வளவு, ஒரு டேபிள் போட்டு அனுப்புங்க" என்று ஆபீஸிலிருந்து கேட்டதும், புதிதாக சைட் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். இந்தத் தேதிக்குள் எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும் என்று ஷெட்யூலில் இருக்கும் தொகையை ஒரு பக்கம் எழுதி, அக்கவுண்ட்ஸ் கொடுத்த தொகையை இன்னொரு பக்கம் எழுதி, கழித்து அனுப்பிவிடுகிறார்கள். கழித்தல் சரியாகத்தான் இருக்கும், ஆனால் கழித்த இரண்டு தொகைக்கும் சம்பந்தமே இருக்காது. ஒன்று நடந்திருக்க வேண்டிய வேலைக்கான தொகை, மற்றது பில் வந்த சரக்குக்கான தொகை. சைட்டில் உண்மையில் முடிந்த வேலை இரண்டிலுமே இல்லை.

ஒரே ஒரு ஐட்டத்தை எடுத்து முழுவதும் போட்டுப் பார்ப்போம். தரைத்தளமும் இரண்டு மாடியும் கொண்ட ஒரு குடியிருப்புக் கட்டடம், அதில் பீம், ஸ்லாப் கம்பி வேலை. எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. முறை எந்த சைட்டுக்கும் இதேதான்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து பேப்பர் வேண்டும்: ஐட்டம் வாரியான பட்ஜெட் (அளவு, ரேட் இரண்டும் தனித்தனியாக), அளவெடுத்து எழுதிய எம்-புக் அல்லது அளவுத் தாள், கம்பிக்கு பிபிஎஸ் எனப்படும் வளைப்புப் பட்டியல், டெலிவரி சலான்களோடு ஸ்டோர் ரெஜிஸ்டர், அப்புறம் பர்சேஸ் ஆர்டர்கள்.

பட்டியலில் அக்கவுண்ட்ஸ் லெட்ஜர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டும்தான், ஆனால் கடைசியில் சரிபார்க்க மட்டும். அதிலிருந்து ஆரம்பித்தால் பில் வராத சரக்கு கண்ணிலேயே படாது.

பட்ஜெட்டில் "கம்பி வேலை: 7.66 லட்சம்" என்று மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அதைத் தயாரித்தவரிடம் அளவையும் ரேட்டையும் பிரித்து வாங்குங்கள். மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லலாம், எதனால் என்று சொல்லவே முடியாது. நம் உதாரணத்தில் பிரித்த கணக்கு இது: பிபிஎஸ் படி 12 டன், வெட்டுச் சேதாரம் 3 சதவீதம், டன்னுக்கு 62,000 ரூபாய். 12.36 டன் போட்டால் 7,66,320 ரூபாய்.

ஜிஎஸ்டியை இந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். கம்பிக்கு 18 சதவீதம். நீங்கள் இன்புட் கிரெடிட் எடுக்கும் ஒப்பந்தக்காரர் என்றால் பட்ஜெட், செலவு இரண்டிலும் வரி இல்லாத ரேட்டையே வையுங்கள். கிரெடிட் இல்லாமல் 5 சதவீத வரியில் அடுக்குமாடி கட்டி விற்பவர்களுக்கு அந்த வரியும் செலவுதான், அதனால் இரண்டிலும் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் சேர்க்காமல் விட்டால் ஒவ்வொரு ஐட்டத்திலும் பெரிய வித்தியாசம் வந்து நிற்கும். வரி சேர்த்துக் கணக்குப் போடுபவர்கள் சிமென்ட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்னால் போட்ட பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் சிமென்ட்டில் வரும் மிச்சத்தில் ஒரு பங்கு வரிக் குறைப்பால் வந்தது, பர்சேஸ் ஆள் பேரம் பேசியதால் வந்தது அல்ல.

## 2. ஒரே ஒரு கட்-ஆஃப் நேரம்

அளவெடுப்பது, ஸ்டாக் எண்ணுவது, சலான் கணக்கை மூடுவது மூன்றும் ஒரே நாள் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். 31-ஆம் தேதி மாலை வேலை முடிந்த பிறகு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைச் சாதாரணமாக நினைத்துத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 28-ஆம் தேதி அளவெடுத்து 31-ஆம் தேதி ஸ்டாக் எண்ணினால், நடுவில் மூன்று நாள் கட்டிய கம்பி ஸ்டாக்கிலும் இருக்காது, அளவிலும் இருக்காது, காணாமல் போனது போலத் தெரியும். பாவம், கம்பி கட்டும் மேஸ்திரி அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

## 3. முதலில் வேலையை அளவெடுங்கள், பணத்தை அப்புறம் பாருங்கள்

பட்ஜெட்டில் ஒப்பிட வேண்டிய பங்கு எது என்பதை முடிந்த வேலைதான் தீர்மானிக்கிறது, அதனால்தான் இது முதலில். ஷெட்யூல்படி இந்தத் தேதிக்கு 9 டன் போயிருக்க வேண்டும், 5,58,000 ரூபாய். ஆனால் கட்டி முடித்த பீம், ஸ்லாபை எல்லாம் பிபிஎஸ்-ஸில் டிக் அடித்துக் கூட்டினால் 7.5 டன்தான் வருகிறது.

ஆக, ஒப்பிட வேண்டியது 7.5 டன்னுக்கான பட்ஜெட்டோடு. சேதாரம் 3 சதவீதம் சேர்த்தால் 7.725 டன், 62,000 ரூபாய் வீதம் 4,78,950. இதை "முடிந்த வேலைக்கான பட்ஜெட்" என்று சொல்வோம். ஷெட்யூலில் இருக்கும் 5,58,000 வேலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்க உதவும், செலவை ஒப்பிட உதவாது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அளவெடுக்கும்போது "ஸ்லாப் கம்பி 80 சதவீதம் முடிஞ்சுது சார்" என்று வாயால் சொல்லும் கணக்கை ஏற்க வேண்டாம். அடிக்கம்பி முழுவதும் போட்டாகிவிட்டால் பார்ப்பதற்கு வேலை முடிந்த மாதிரியே இருக்கும், மேல் கம்பி பாக்கி இருக்கும். பிபிஎஸ்-ஸில் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், கட்டியது மட்டும் கணக்கு. யார்டில் வெட்டி வளைத்து அடுக்கி வைத்திருப்பது இன்னும் ஸ்டாக்தான். அதை அளவிலும் சேர்த்து ஸ்டாக்கிலும் சேர்த்தால் இரட்டைக் கணக்கு ஆகிவிடும்.

## 4. எவ்வளவு போனது: வந்தது கழித்தல் இருப்பு

வாங்கியது வேறு, பயன்படுத்தியது வேறு. சலான்களைக் கூட்டினால் மூன்று லோடு, மொத்தம் 9 டன் வந்திருக்கிறது. யார்டில் மிச்சம் முழுக் கம்பியும் வளைத்து வைத்ததும் சேர்த்து 1.1 டன். ஆக, போனது 7.9 டன்.

துண்டுக் கம்பியை ஸ்டாக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் எடை போட்டு ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள், பின்னால் காரணம் தேடும்போது அந்த எண் தேவைப்படும். வேறு சைட்டுக்கு அனுப்பியதையும் காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க் போன்ற வேறு ஐட்டத்துக்கு எடுத்ததையும் போனதிலிருந்து கழித்து, அந்தந்த வரியில் சேர்த்துவிடுங்கள். இதை ஸ்டோர் ரெஜிஸ்டரில் எழுதாமல் விடுவதுதான் கம்பிக் கணக்கு உதைப்பதற்கு நான் அதிகமாகப் பார்த்திருக்கும் காரணம்.

மணலில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. லோடு வருவது யூனிட்டில், பட்ஜெட் இருப்பது கன மீட்டரில். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மாற்றாமல் கழித்தால் வரும் எண் எதற்கும் உதவாது.

## 5. என்ன ரேட்டுக்குப் போனது: பில் வராததும் செலவுதான்

மூன்று லோடும் மூன்று டன் வீதம் வந்தவை. முதல் லோடு டன்னுக்கு 63,000, இரண்டாவது 65,500, மூன்றாவது 66,500. மூன்றாவதற்கு இன்வாய்ஸ் இன்னும் வரவில்லை. சரக்கு யார்டில் இறங்கிவிட்டது, பர்சேஸ் ஆர்டரில் ரேட் இருக்கிறது, அதனால் அந்த ரேட்டிலேயே 1,99,500 ரூபாயைச் செலவாக எழுதுங்கள். மொத்தம் 5,85,000, சராசரி டன்னுக்கு 65,000.

லெட்ஜரில் இருப்பது முதல் இரண்டு பில் மட்டும், 3,85,500. அதை ஷெட்யூல் தொகையான 5,58,000-த்தோடு ஒப்பிட்டவர் "1,72,500 மிச்சம்" என்று எழுதியிருப்பார். உண்மையில் அதிகச் செலவு. எவ்வளவு என்று அடுத்த படியில் வரும்.

கூலிக்கும் இதே விதிதான், இரண்டு எச்சரிக்கையோடு. கொத்தனாருக்கோ கம்பி மேஸ்திரிக்கோ கொடுத்த அட்வான்ஸ் செலவு அல்ல, அவர் வேலை செய்து முடிக்கும்போதுதான் செலவு. அதேபோல சப்-கான்ட்ராக்டர் பில்லில் 5 சதவீதம் ரிடென்ஷன் பிடித்து வைத்தால் அது மிச்சம் அல்ல. பிறகு கொடுக்க வேண்டிய பணம்தான், அதனால் பிடிப்பதற்கு முன் இருந்த முழுத் தொகையையே எழுதுங்கள்.

## 6. அட்டவணை போடுவது

ஒரு ஐட்டத்துக்கு ஒரு வரி. குறியை ஒருமுறை முடிவு செய்து தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். நான் வைப்பது: கூட்டல் என்றால் அதிகச் செலவு, கழித்தல் என்றால் மிச்சம். ஆபீஸில் வேறு மாதிரி வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒரு ஷீட்டுக்குள் இரண்டு வழக்கம் கலந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஐந்தாவது வரியில் கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். `B` பட்ஜெட் ரேட், `C` அளவெடுத்த வேலை, `D` சேதார சதவீதம் 3% என்று குறியோடு, `F` போன அளவு, `G` சராசரி உண்மை ரேட். இவற்றை நீங்கள் கையால் நிரப்ப வேண்டும். மற்றவை சூத்திரம்:

```
E5  =C5*(1+D5)
H5  =E5*B5
I5  =F5*G5
J5  =I5-H5
K5  =F5*(G5-B5)
L5  =(F5-E5)*B5
M5  =ROUND(J5-K5-L5,0)
```

`E` அனுமதித்த அளவு, `H` முடிந்த வேலைக்கான பட்ஜெட், `I` உண்மைச் செலவு, `J` மொத்த வித்தியாசம். `K` விலையால் வந்தது, `L` அளவால் வந்தது. `M` எப்போதும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு செல்லில் சூத்திரத்தை அழித்து எண்ணைத் தட்டியிருக்கிறீர்கள்.

| விவரம் | எண் |
|---|---|
| அனுமதித்த அளவு | 7.725 டன் |
| போன அளவு | 7.9 டன் |
| முடிந்த வேலைக்கான பட்ஜெட் | ரூ. 4,78,950 |
| உண்மைச் செலவு | ரூ. 5,13,500 |
| மொத்த வித்தியாசம் | + ரூ. 34,550 |
| இதில் விலையால் | + ரூ. 23,700 |
| இதில் அளவால் | + ரூ. 10,850 |

இங்கே வரியைத் திருப்பி நெட்டாகக் காட்டியிருக்கிறேன், படிக்கச் சுலபம் என்பதால். ஷீட்டில் இது ஒரே வரிதான்.

## 7. விலை, அளவு என்று பிரிப்பது எதற்காக

34,550 என்ற ஒரே எண்ணை மட்டும் பார்த்தால் முதலில் திட்டு வாங்குவது கம்பி கட்டுபவர். பிரித்துப் பார்த்தால் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விலை ஏற்றம், சைட்டில் யாரும் அதற்கு ஒன்றும் செய்திருக்க முடியாது. விலை வித்தியாசம் பர்சேஸுக்குப் போக வேண்டிய கேள்வி. அளவு வித்தியாசம்தான் உங்களுடையது.

சூத்திரத்தில் விலையை, போன அளவால் பெருக்கியிருக்கிறேன், அளவை பட்ஜெட் ரேட்டால் பெருக்கியிருக்கிறேன். அளவையும் உண்மை ரேட்டால் பெருக்கினால் ஒரு சிறு தொகை இரண்டு முறை எண்ணப்பட்டு `M` பூஜ்யம் ஆகாது. சைட்டின் சேதாரத்தை மார்க்கெட் விலை பெரிதாக்கிக் காட்டாமல் இருப்பதற்கும் இதுதான் வழி.

## 8. 175 கிலோ எங்கே போனது

அளவு வித்தியாசம் 0.175 டன். காரணம் தேடுவதற்கும் ஒரு வரிசை உண்டு, சுலபமாகச் சோதிக்கக்கூடியது முதலில்.

கம்பியின் எடையைப் பாருங்கள். லோடு வருவது எடைமேடைக் கணக்கில், பிபிஎஸ் எடை வருவதோ விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து. 8 மிமீ கம்பி ஒரு மீட்டருக்கு 395 கிராம், 12 மிமீ என்றால் சுமார் 890 கிராம், 16 மிமீ என்றால் 1.58 கிலோ. மில்லில் உருட்டும்போது கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஐஎஸ் 1786 தரத்தில் 10 மிமீ வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 மிமீ வரை 5 சதவீதம், அதற்கும் மேல் 3 சதவீதம் வரை இருபுறமும் அனுமதி. ஒவ்வொரு சைஸிலும் சில கம்பிகளில் சரியாக ஒரு மீட்டர் வெட்டி, நல்ல தராசில் எடை போடுங்கள். சராசரியாக 2 சதவீதம் கூடுதல் எடை இருந்தாலே 7.5 டன்னில் 150 கிலோ அங்கேயே போய்விட்டது. அப்படியென்றால் சைட்டில் சேதாரமே இல்லை, அதே கட்டடத்துக்குக் கனமான கம்பியை வாங்கியிருக்கிறோம். அடுத்த ஆர்டரில் பர்சேஸ் கேட்க வேண்டிய விஷயம் அது.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். அளவு வித்தியாசம் கழித்தலில் வந்தால், அதாவது கம்பி மிச்சம் என்று வந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் இதே சோதனையைச் செய்யுங்கள். கம்பி எடை குறைவாக வந்திருக்கலாம். அனுமதிக்கும் கீழே போயிருந்தால் அந்த லோடைக் கட்டவே கூடாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு உடனே சொல்ல வேண்டும்.

எடை சரியாக இருந்தால், அடுத்து துண்டுக் கம்பிக் குவியல். அங்கே எழுதி வைத்த எடையைப் போன அளவோடு ஒப்பிடுங்கள். 3 சதவீதத்தை விட நன்றாகத் தாண்டியிருந்தால் வெட்டும் முறையில் பிரச்சினை. கம்பி 12 மீட்டரில் வருகிறது. அதில் 5 மீட்டர் துண்டு இரண்டு வெட்டினால் 2 மீட்டர் மிஞ்சும், அந்த இரண்டு மீட்டருக்கு ஒரு இடத்தை முன்பே பார்த்து வைக்காவிட்டால் அது குப்பை.

குவியல் சிறியதாக இருந்து அளவு மட்டும் கூடியிருந்தால் கம்பி கட்டடத்துக்குள்தான் போயிருக்கிறது, ஆனால் பிபிஎஸ்-ஸில் இல்லை. ஸ்லாபின் மேல் கம்பியைத் தாங்கும் சேர், இணைப்புக்கான லேப் இரண்டையும் பிபிஎஸ் போடும்போது விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படியென்றால் தப்பு பட்ஜெட்டில், மீதி வேலைக்கும் அதே அளவு கூடும் என்று இப்போதே சொல்லிவிடலாம். இதுவும் இல்லை என்றால்தான் லோடு எடைக் குறைவு, வெளியே போனது என்று தேட வேண்டும். காவல்காரரை முதல் நாளே சந்தேகப்பட வேண்டாம்.

காரணம் எழுதும் கட்டத்தில் "சேதாரம் அதிகம்" என்று எழுதாதீர்கள், அது வித்தியாசத்தையே வேறு வார்த்தையில் சொல்வது. "8 மிமீ கம்பி மீட்டருக்கு 410 கிராம், மூன்றாவது லோடு" என்று எழுதினால் படிப்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

## 9. நாளால் ஏறும் செலவுக்கு வேறு பிரிவு

சென்ட்ரிங் ஷீட், ஜாக்கி வாடகை போன்றவற்றுக்கு விலை, அளவு என்று இரண்டாகப் பிரித்தால் போதாது, நாள் என்று மூன்றாவது ஒன்று வேண்டும். ஒரே எண்ணிக்கை ஷீட், ஒரே வாடகை, ஆனால் 21 நாளுக்குப் போட்டது 33 நாள் நின்றால் வித்தியாசம் முழுவதும் நாளில் இருக்கிறது.

அந்த 12 நாளை எங்கே இழந்தோம் என்று பிரியுங்கள். கான்கிரீட்டுக்கு முன்னால் என்றால், எலெக்ட்ரிக்கல் பைப் போட ஆள் வராதது போன்ற காத்திருப்பு. கான்கிரீட்டுக்குப் பின்னால் என்றால், முட்டு எடுக்கத் தாமதித்ததா அல்லது பட்ஜெட் போட்டவரே குறைத்துப் போட்டாரா என்று பார்க்க வேண்டும். ஐஎஸ் 456 படி சாதாரண சிமென்ட்டில் 4.5 மீட்டர் வரை ஸ்பான் உள்ள ஸ்லாபுக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் நிற்க வேண்டும். வாடகை வித்தியாசத்தைக் குறைப்பதற்காக அந்த நாளைக் குறைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

## 10. ஓனர் கேட்ட மாற்றம் தனி வரியில்

நடுவில் பால்கனி நீட்டச் சொன்னால் அந்தக் கம்பியைப் பழைய வரியில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி பிபிஎஸ், தனி பட்ஜெட், தனி வரி. சேர்த்துவிட்டால் உங்கள் சேதாரம் கூடியது போலவும் தெரியும், ஓனரிடம் கூடுதல் பில் கேட்கும்போது காட்ட ஆதாரமும் இருக்காது. ஆதியில் போட்ட பட்ஜெட் எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றி எழுத வேண்டாம்.

## 11. முடியும்போது எவ்வளவு ஆகும்

இதுவரை ஆனதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் ஆபீஸ் அடுத்துக் கேட்பது இதைத்தான், அதனால் கூடவே அனுப்பிவிடுங்கள். மீதி வேலை 4.5 டன். கையில் 1.1 டன் சராசரி 65,000-த்தில் இருக்கிறது. மேற்கொண்டு வாங்குவதைப் பட்ஜெட் ரேட்டில் போடாதீர்கள், சராசரியிலும் போடாதீர்கள், கடைசியாக வாங்கிய 66,500-ல் போடுங்கள். நாளைக்குக் கடைக்காரர் கேட்கப்போவது அதுதான்.

இரண்டு கணக்கு போடலாம். சேதாரம் 3 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் மொத்தம் ஏறத்தாழ 8,20,000, பட்ஜெட்டை விட 54,000 அதிகம். இதுவரை போன வேகத்திலேயே கம்பி போனால் ஏறத்தாழ 8,27,000, அதாவது 61,000 அதிகம்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 7,000 ரூபாய்தான் சைட்டில் நீங்கள் வெட்டு முறையைச் சரிசெய்து மிச்சம் பிடிக்கக்கூடியது. மீதி 54,000-த்தில் ஏறத்தாழ 11,000 ஏற்கெனவே கூடுதலாகப் போன கம்பிக்கானது, 43,000 விலையால் வருவது. விலைக்கு, மீதமுள்ள மூன்றரை டன்னை இப்போதே ரேட் பேசிப் பிடித்து வைப்பதா, ஒப்பந்தத்தில் விலை ஏற்றப் பிரிவு இருக்கிறதா என்று ஆபீஸ் பார்க்க வேண்டும். மெயிலில் இந்தத் தொகைகளைத் தனித்தனி வரியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக யார் பார்க்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று போட்டு, அளவுத் தாளையும் ஸ்டாக் எண்ணிய தாளையும் கூடவே இணைத்து அனுப்புங்கள்.